ஈரக் கைக்கு எந்த போன்?

செல்போன் கடையில் ஒரு வியாபாரம் கைநழுவிப் போய்விட்டது என்பதை ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடும். "சரிப்பா, பார்த்துட்டு வரேன்." இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் திரும்பி வருகிறவர்கள் மிகவும் குறைவு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டில் இருக்கும் ஒரு செல்போன் கடையில் நான் பில் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். போன் காட்டும் கவுண்டர் எனக்கு நேர் எதிரே. வந்தவர் என்ன கேட்டார், எந்த இடத்தில் அவர் முகம் மாறியது, எப்போது பையை எடுத்துத் தோளில் மாட்டினார் என்பதெல்லாம் என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். விற்கிறவனுக்கு அது தெரியாது. அவன் பேசிக்கொண்டிருப்பான்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பையன் எங்கள் கவுண்டரில் சேர்ந்தான். டிப்ளமோ முடித்தவன், சுறுசுறுப்பு, மரியாதை எல்லாம் உண்டு. போனைப் பற்றி அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. கேமரா எத்தனை மெகாபிக்சல், பிராசசர் என்ன, எத்தனை நிமிஷத்தில் சார்ஜ் ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். யார் வந்தாலும் அவனுடைய முதல் கேள்வி, "என்ன ரேஞ்ச்ல பாக்குறீங்க?" பதில் வந்ததும் அந்த விலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் போனை எடுத்து வைத்து ஆரம்பித்துவிடுவான்.

அந்த முதல் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. விலையை முதலில் கேட்டால் வந்தவர் உஷாராகிவிடுகிறார். கையில் பதினைந்தாயிரம் இருந்தாலும் பத்து என்றுதான் சொல்வார், ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அதன்பிறகு பேச்சு முழுக்க ரூபாயைச் சுற்றியே ஓடும். அவர் எதற்காகப் பழைய போனை விட்டுவிட்டு வந்தார் என்பது கடைசி வரை வெளியே வராது.

பையனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எல்லா பிராண்டும் விற்கும் எங்களைப் போன்ற கடைகளில் கவுண்டர் பையனுக்குச் சம்பளம் கொஞ்சம்தான், மேலே வருவது இன்சென்டிவ். மாதா மாதம் கம்பெனி ஒரு 'போகஸ் மாடல்' சொல்லும். அதை விற்றால் ஒரு போனுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. மாதத்தில் இத்தனை போனைத் தாண்டினால் மேல் ஸ்லாப், அதற்கு இன்னும் கூட. போன் பாக்ஸிலிருந்து வெளியே வந்து ஆக்டிவேட் ஆனால்தான் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே கவுண்டரில் நிற்கிறவன் மனதில், எதிரே ஆள் வந்து நிற்பதற்கு முன்பே எந்த போனை விற்க வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். தள்ளிவிடும் பழக்கம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பையனின் குணத்தில் தேடினால் கிடைக்காது.

அது மார்கழி மாதம், டிசம்பர் கடைசி. மதியத்துக்கு மேல் ஒரு அம்மா வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். தேவனாம்பட்டினத்தில் வீடு, விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, புதுப்பாளையம் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிறவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "டச்சு வேல செய்யல தம்பி. வேற போனு பாக்கணும்."

பையன் வழக்கம்போல ரேஞ்ச் கேட்டான். அவர் "பாத்துக் குடு" என்றார். அவன் பதினெட்டாயிரம் ரூபாய் போகஸ் மாடலை எடுத்தான். ஓரம் வளைந்த திரை, திரைக்குள்ளேயே விரல்ரேகை, பெரிய கேமரா. அவரைப் படம் எடுத்துக் காட்டினான். அவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் முறை, "கையி ஈரமா..." என்று ஆரம்பித்ததும், "அதெல்லாம் வாட்டர் ப்ரூப்தாம்மா" என்று முடித்துவிட்டான். இரண்டாவது முறை அவர் வாயைத் திறந்தபோது இவன் தவணைக்குப் போயிருந்தான். "பத்து மாசம்மா, மாசம் ஆயிரத்து எண்ணூறு, வட்டியே கிடையாது." அவர் தலையை ஆட்டிக்கொண்டே பையை எடுத்தார். எதிர்பார்த்த வாக்கியம் வந்தது. பார்த்துட்டு வரேன்.

வாசலுக்குப் போகும் வழியில் என் கவுண்டர். வெயிலில் நடந்து வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். உட்கார்ந்து குடித்தார். "என்னம்மா, போன் பிடிக்கலையா?" என்றேன்.

"புள்ள நல்லாத்தான் பேசுது பாப்பா. நம்மள பேச உடல" என்றார்.

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. பையன் இரண்டடி தள்ளி நின்று டெமோ போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அந்த அம்மாவிடம், "உங்க பழைய போனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மட்டும் கேட்டேன்.

பழைய போனைக் கையில் வாங்குவது இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள ஒரு செயல். வந்தவர் சொல்ல மறந்ததையும் சொல்லத் தெரியாததையும் அந்த போன் சொல்லிவிடும். அவருடைய போனில் கீழே இருக்கும் ஒலிபெருக்கி ஓட்டைகள் உப்பும் செதிலும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசிகள் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தன. உப்புத்தண்ணீர் பட்ட உலோகத்தின் அடையாளம் அது. எழுத்தளவு பெரிதாக வைக்கப்பட்டிருந்தது, அதனால் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர் என்று தெரிந்தது. சேமிப்பு இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை மேலேயே நின்றது. 32 ஜிபி போன், இதற்கு மேல் ஒன்றும் ஏறாது.

பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, அதுவரை யாரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டான். "எப்பம்மா டச் வேலை செய்யாமப் போகும்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். அந்த அம்மாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த இடைவெளியில் அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் திறக்கவில்லை. பிறகு அவர் ஆரம்பித்தார், நிற்கவே இல்லை.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது டச் நன்றாகத்தான் இருக்கிறது. மீன் கூடையோடு இருக்கும்போதுதான் தகராறு. ஐஸ் தண்ணியும் உப்பும் கையில் இருக்கும். காசு வந்ததா என்று பார்க்க போனை எடுத்தால் விரல்ரேகை எடுக்காது. நம்பர் போட்டால் ஒன்றைத் தொட இன்னொன்று விழும். சில முறை தப்பாகி நின்றுவிடும். வாங்குகிறவர்கள் "அனுப்பிட்டேன் ஆயா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வந்ததா இல்லையா என்று சாயங்காலம்தான் தெரியும். விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் தங்கச்சி கூப்பிட்டாலும் மணிச்சத்தம் கேட்பதில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவான், எல்லாமே அந்த போனில்தான் இருக்கிறது. போனை மாற்றினால் அதெல்லாம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

இதில் கேமரா எங்கேயும் வரவில்லை. 'டச்சு வேல செய்யல' என்று அவர் முதலில் சொன்ன ஒரு வரிக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. முதலில் சொல்லும் வரி எப்போதும் ஒரு தலைப்புதான். அதைக் கேட்ட உடனே பதில் சொல்ல ஆரம்பித்தால் உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும்.

பையன் அடுத்துச் செய்ததை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் வாங்கி வந்து கரைத்தான். கவுண்டரில் இருந்த டெமோ போன்களில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தான். "விரலை இதுல தொட்டுட்டு நம்பர் போட்டுப் பாருங்கம்மா."

டச் திரை, விரல் பட்டதும் திரையில் ஏற்படும் மிகச் சிறிய மின்னூட்ட மாற்றத்தை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத்தண்ணீர் இன்னும் நன்றாகக் கடத்தும். அதனால் திரையில் சொட்டு நின்றால் அதையும் ஒரு விரல் என்று எடுத்துக்கொள்ளும். விரல்ரேகைக்கும் இதே கதி. ஈரத்தில் ஊறிச் சுருங்கிய விரலின் கோடுகள், பதிவு செய்த கோடுகளோடு ஒத்துவராது. பதினெட்டாயிரம் ரூபாய் போனில் வளைந்த ஓரத்தில் உள்ளங்கை வேறு பட்டு, நம்பர் கண்டபடி விழுந்தது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவது, சுமார் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன். ஈரக்கையில் தொட்டாலும் சொட்டைப் பிரித்துப் பார்க்கும்படி அதன் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அதில் பெரும்பாலும் சரியாக விழுந்தது.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும், பையனும் அப்படித்தான் சொன்னான். கை முழுக்க நனைந்து சொட்டினால் இதுவும் தடுமாறும், ஒரு துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொட்டால் போதும் என்றான். விரல்ரேகையை நம்பாமல் நம்பர் பூட்டு வைத்துக்கொள்ளச் சொன்னான். முதலில் தான் சொன்ன வாட்டர் ப்ரூப் பேச்சையும் அவனே எடுத்துத் திருத்தினான். போன்களுக்குக் கொடுக்கும் ஐபி தர எண் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், அதுவும் நல்ல தண்ணீரில். கடல் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வழக்கமான வாரண்டியிலும் வராது. உள்ளே நிறம் மாறும் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். "உப்புத்தண்ணி பட்டா ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சப்புறம்தாம்மா சார்ஜ் போடணும்" என்றான். விற்கிற போனின் குறையை விற்கிறவனே சொல்வதை அந்த அம்மா கவனமாகக் கேட்டார். முதல் தடவையாக அவர் கண் போனைவிட்டு அவன் முகத்துக்கு வந்தது.

அடுத்து மணிச்சத்தம். கடைக்குள் ஏசியில் நின்று கேட்டால் எல்லா போனும் சத்தமாகத்தான் இருக்கும். பையன் அந்த போனில் ஒரு சிம் போட்டு, அவரைக் கடை வாசலில் லாரன்ஸ் ரோட்டு ஹாரன் சத்தத்தில் நிற்க வைத்துக் கூப்பிட்டான். கேட்டது. பழைய போனையும் மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து கூப்பிட்டுக் காட்டினான், அதுவும் முன்பைவிட நன்றாகக் கேட்டது. "இதுக்கு சார்ஜ் போர்டு மட்டும் மாத்தினாக் கூட ஓடும்மா, ஆனா இடம் ரொம்பிப் போச்சு, மகன் அனுப்புறது ஏறாது" என்று இரண்டு பக்கமும் சொன்னான். புதுசுதான் வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார்.

பணம் பற்றிய பேச்சு இப்போதுதான் வந்தது. இந்த இடத்தில் கடலூர்க்காரனாக இருப்பது அவனுக்கு உதவியது. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னப் படகுகள் போகும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். தெருவில் விற்கிறவர்களுக்குக் கையில் நிற்பது கொஞ்சம்தான். பையன் முதலில் சொன்ன பத்து மாதத் தவணையை எடுத்துப் பாருங்கள். கடை மொழியில் 10/2. பத்துத் தவணையில் இரண்டை முன்பணமாகக் கட்டிவிட்டு மீதி எட்டை மாதா மாதம் கட்டுவது. டிசம்பரில் வாங்கினால் ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். மே, ஜூன் இரண்டு மாதமும் ஆயிரத்து எண்ணூறு தடைக்காலத்துக்குள் விழும். அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் பைனான்ஸ் கம்பெனி ஓர் அபராதம் போடும், பேங்க் தனியாக ஒன்று பிடிக்கும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். மகளிர் குழுக் கடன் வாங்குகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்கு 6/2 திட்டம் இருந்தது. தவணை இரண்டாயிரம். முன்பணம் நாலாயிரம், அதன்பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று நான்கு மாதம். பணம் பிடிக்கும் தேதி மாத ஆரம்பத்தில் வருவதால் ஏப்ரல் தவணையும் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். பையன் இதை அட்டையின் பின்பக்கத்தில் மாதம் மாதமாக எழுதிக் காட்டினான். பிராசசிங் கட்டணம் தனியாக உண்டு என்பதையும் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொன்னான். வட்டியில்லாத் தவணை என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டணத்தைப் பிறகு பில்லில் காட்டினால், அங்கேதான் சண்டை வரும். பில் கவுண்டரில் உட்கார்ந்து அந்தச் சண்டைகளைச் சமாளிப்பது நான்தான் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

போனை மாற்றும் வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வாட்ஸ்அப்பில் பழைய போனிலிருந்து புதிய போனுக்குக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நேரடியாகவே அரட்டைகளை மாற்றலாம். கூகுள் டிரைவில் இடம் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு போனும் கையில் இருக்க வேண்டும், இரண்டிலும் சார்ஜ் இருக்க வேண்டும். மாற்றி முடிக்கும் வரை பழைய போனில் எதையும் அழிக்கவே கூடாது. மகனின் குரல் பதிவுகளில் பழையதாக ஒன்றைத் திறந்து ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் பையன் பழைய போனைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு வாரம் அதை அப்படியே வைத்திருங்கள் என்றும் சொன்னான்.

பணம் அனுப்பும் செயலியைப் புது போனில் போடும்போது, பேங்கில் கொடுத்த நம்பரின் சிம் அந்த போனிலேயே இருக்க வேண்டும். அதிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போய்த்தான் கணக்கோடு இணையும். அதெல்லாம் முடிந்தது. அந்த அம்மா எழுந்துவிட்டார். பையன் திடீரென்று, "அம்மா, நாளைக்குக் காலைல ஏலத்துக்குக் காசு எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேட்டான். போனில்தான் அனுப்புவேன் என்றார். புது போனில் இணைத்த முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. பணம் வருவதில் தடையில்லை, போவதில்தான். விடியற்காலை நாலு மணிக்கு, ஏலம் எடுத்த மீனை வைத்துக்கொண்டு பணம் போகாமல் நின்றால் என்ன ஆகும்? "நாளைக்கு ஒரு நாள் கையில ரொக்கம் வச்சுக்குங்கம்மா" என்றான். துறைமுகத்து ஏலத்தைப் பற்றி அவர் தன் வாயால் சொல்லியிருக்காவிட்டால் இந்த எச்சரிக்கை அவனுக்குத் தோன்றியிருக்காது. காது கொடுத்துக் கேட்டதன் பலனை இந்த ஒரு இடத்தில்தான் நான் முழுதாகப் பார்த்தேன்.

போகும்போது அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நீர்புகாத பை ஒன்றும், கவரும், திரையில் ஒட்டும் கண்ணாடியும் தானாகவே கேட்டு வாங்கினார். யாரும் எடுத்துக் காட்டவில்லை. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, போனில் கடைக்கு நிற்கும் லாபம் மிகவும் மெல்லியது. கவர், கண்ணாடி, சார்ஜர் போன்ற துணைப் பொருள்களில்தான் கடை பிழைக்கிறது. ஆனால் அவற்றைத் தள்ளிவிட்டால் ஜனங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தங்கள் வேலைக்கு அது தேவை என்று பட்டால் கேட்டு வாங்குவார்கள்.

அன்று பையனுக்குப் போகஸ் மாடல் காசு கிடைக்கவில்லை. அந்த மாதம் மேல் ஸ்லாபையும் அவன் தொடவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. கேட்டு விற்பது அன்றைக்கே கூடுதல் காசாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு அந்த அம்மா தன் தங்கச்சியை அழைத்து வந்தார். அவரோடு குழுவில் இருக்கும் இன்னொருவரும் வந்தார். வந்தவர்கள் எதையும் பார்க்காமல் நேராக அந்தப் பையனிடம் போனார்கள், அவன் சாப்பிடப் போயிருந்தபோது உட்கார்ந்து காத்திருந்தார்கள். கவுண்டரில் ஒருவனுக்காக ஆள் காத்திருப்பதை முதலாளியும் பார்த்தார்.

பையன் அதன்பிறகு தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டான். ரேஞ்ச் கேள்வி பின்னால் போனது. முதலில் "யாருக்கும்மா?" என்று கேட்கிறான், அப்புறம் பழைய போனைக் கையில் வாங்குகிறான். யாருக்கு என்பது சாதாரணக் கேள்வியாகத் தெரியும், ஆனால் கவுண்டரில் பேசுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் ஒருவர், பயன்படுத்தப் போகிறவர் வேறொருவர் என்பது எங்கள் ஊரில் மிகவும் சகஜம். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மருமகள் பேசினார், பணம் துபாயிலிருந்து மகன் அனுப்பியது, போன் மாமனாருக்கு. பெரியவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் கேட்டது பெரிய திரை. பையன் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பெரியவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "தாத்தா, இப்ப இருக்கற போன்ல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டான். போன் வந்தால் எடுக்கத் தெரியவில்லை என்றார். பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும் என்று நினைத்துத் தொடுகிறார். அதை இழுக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அமைப்புகளில் எளிய பயன்முறையைப் போட்டு, இழுக்காமல் தொட்டாலே எடுக்கும்படி மாற்றக்கூடிய ஒரு போனை எடுத்துக் கொடுத்தான். திரை மருமகள் கேட்டதைவிடக் கொஞ்சம் சின்னதுதான். பெரியவர் கடையிலேயே மூன்று முறை போனை எடுத்துப் பேசிப் பார்த்துவிட்டுப் போனார்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் அவனுக்கு வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு சத்தம் முக்கியம், கேமரா பரவாயில்ல, அப்படித்தானே?" என்பான். ஆமாம் என்று வந்தால் இரண்டு போன் மட்டும் எடுத்து வைப்பான். ஐந்தாறு போனைப் பரப்பி வைத்தால் வந்தவர் குழம்பிப்போய் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். "இல்லப்பா" என்று வந்தால் இன்னும் நல்லது, அதன்பின்னால் சரியான விஷயம் வரும்.

இதற்கும் எல்லை உண்டு. நெய்வேலியிலிருந்து ஒரு ஒப்பந்ததாரர் வந்தார். மாடல் பெயர், நிறம், எத்தனை ஜிபி எல்லாம் சொல்லிவிட்டு ரொக்கத்தை எடுத்து வைத்தார். பையன் அவரிடமும் பழைய போன், யாருக்கு, எதற்கு என்று ஆரம்பித்தான். அவர் முகம் சுருங்கியது. "தம்பி, இருக்கா இல்லையா சொல்லு, வண்டி வெளிய நிக்குது" என்றார். நான் அவனைக் கண்ணால் தடுத்தேன். அவர் சொல்ல வேண்டியதை உள்ளே நுழைந்த அரை நிமிஷத்தில் முழுசாகச் சொல்லிவிட்டார், அதைக் கேட்டு பில் போடுவதுதான் அங்கே கேட்பது. கேள்வி அடுக்கிக்கொண்டே போனால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். வந்தவர் பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினாலோ, கண் கடிகாரத்துக்குப் போனாலோ, கேள்வியை நிறுத்திவிட வேண்டும் என்று அன்று மாலை அவனிடம் சொன்னேன்.

இப்போது அவன் செய்கிற ஒரு காரியத்தில் மட்டும் முதலாளிக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. சென்ற வாரம் ஒரு கல்லூரிப் பெண் போன் வாங்க வந்தாள். சார்ஜ் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது என்பதுதான் அவள் குறை. போன் வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. பேட்டரி மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி அவளைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டான். வந்த வியாபாரத்தை ஏன் அனுப்பினாய் என்று முதலாளி கேட்டார், அவருக்குக் கடை வாடகைக் கணக்கு இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தேவையில்லாததை எப்படி விற்பது என்றான் பையன். நான் பையன் பக்கம்தான் பேசினேன். போகஸ் மாடல் கணக்கைக் காட்டி முதலாளி மறுபடி கேட்டார், பொங்கலுக்குப் பிறகு அவனைத் தேடி வந்தவர்களின் பில்களை நான் எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார், யோசிக்கிறேன் என்றார். மாதக் கணக்கு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.